ஆக்சிஜன் ஏறும்போது கார்பன் டை ஆக்சைடு ஏன் இறங்குகிறது

நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு எப்படி வெளியேறுகிறது என்று பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: இரத்தத்தில் அதன் அழுத்தம் அதிகம், காற்றுப்பைக்குள் குறைவு, அதனால் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போய்விடுகிறது. தப்பில்லை. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பதில் முழுத் தொகையையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, கணிசமான பங்கு விட்டுப்போகிறது. அந்த மிச்சத்தை வெளியே தள்ளுவது அழுத்த வித்தியாசம் இல்லை. அதே நொடியில் உள்ளே வருகிற ஆக்சிஜன்தான்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும் சிரை இரத்தம் 100 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடு முழுவதையும், எந்த உருவத்தில் ஒளிந்திருந்தாலும் சரி, வாயுவாகப் பிரித்தெடுத்தால் ஏறக்குறைய 52 மில்லி இருக்கும். அப்போது அதன் பகுதி அழுத்தம் 45 மி.மீ. பாதரசம். நுரையீரலைத் தாண்டி வெளியே வரும்போது அழுத்தம் 40 ஆகிவிடுகிறது, அதாவது வெறும் 5 மி.மீ. குறைவு. வேறு எதுவும் மாறாமல் அழுத்தம் மட்டும் இவ்வளவு இறங்கினால் 52 என்பது 50 ஆகத்தான் குறையும். ஆனால் வெளியே வரும் இரத்தத்தை அளந்தால் 48 தான் இருக்கிறது. இரண்டு மில்லி போக வேண்டிய இடத்தில் நான்கு மில்லி போயிருக்கிறது.

இவை மருத்துவப் பாடநூல்களில் வழக்கமாகக் காட்டப்படும் வட்டமான எண்கள். ஆளுக்கு ஆள், ஹீமோகுளோபின் அளவுக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும், வெளியேறுவதில் ஆக்சிஜன் தள்ளிவிடுவது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை என்று வைத்துக்கொண்டால் போதும். நான்கு மில்லி என்றால் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது என்பதால் அது நிமிடத்துக்கு 200 மில்லி ஆகிறது, ஓய்வில் இருக்கும் ஒருவர் உற்பத்தி செய்யும் கார்பன் டை ஆக்சைடும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

ஈரத்துணியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலும் காயும், ஏனென்றால் சுற்றியுள்ள காற்று வறண்டிருக்கிறது. பிழிந்து போட்டால் சீக்கிரம் காயும். அழுத்த வித்தியாசம் கொடியில் போடுகிற வேலையைச் செய்கிறது, ஆக்சிஜன் பிழிகிற வேலையைச் செய்கிறது. ஹால்டேன் விளைவு என்று சொல்வது இந்தப் பிழிதலைத்தான்.

சரி, ஆக்சிஜன் எதைப் பிடித்துப் பிழிகிறது? இதற்குக் கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் எந்த உருவத்தில் பயணம் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வாயுவாகவே கரைந்து வருவது சிறிய பங்கு. ஹீமோகுளோபின் புரதத்தின் சங்கிலி நுனியில் நேராக ஒட்டிக்கொண்டு வருவது இன்னொரு பங்கு, இதற்குக் கார்பமினோ என்று பெயர். பெரும்பங்கு பைகார்பனேட்டாக மாறி, அதுவும் அதிகமாகப் பிளாஸ்மாவில் கரைந்து வருகிறது. பைகார்பனேட் ஒரு உப்பு அயனி. அது காற்றுப்பையின் சுவரைத் தாண்டி வாயுவாகப் பறந்து போகாது. மூச்சில் வெளியேற வேண்டும் என்றால் முதலில் அது மறுபடியும் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும், மாற வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஹைட்ரஜன் அயனி வேண்டும்:

H⁺ + HCO₃⁻ → H₂CO₃ → CO₂ + H₂O

ஆக, கேள்வி இப்படி மாறிவிடுகிறது: நுரையீரலுக்கு வந்த அந்தக் கணத்தில் இவ்வளவு ஹைட்ரஜன் அயனிகள் எங்கிருந்து வரும்? பிளாஸ்மாவில் தேடிப் பயனில்லை, அங்கே தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனி மிகமிகக் குறைவு. எல்லாம் ஹீமோகுளோபினின் மடியில் இருக்கிறது.

ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் இல்லாதபோது அதன் நான்கு சங்கிலிகளும் இறுக்கமான ஒரு அமைப்பில் இருக்கின்றன. பீட்டா சங்கிலியின் கடைசி அமினோ அமிலம், அதாவது 146-வது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின், அதே சங்கிலியின் 94-வது இடத்தில் உள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம். பக்கத்தில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஹிஸ்டிடின் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்து வைத்துக்கொண்டு நேர் மின்னூட்டம் பெற்று நிற்பது அதற்குச் சௌகரியம். இப்படித்தான் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் திசுக்களில் அயனிகளை ஏற்றிக்கொள்கிறது. நுரையீரலில் ஆக்சிஜன் வந்து இரும்போடு சேர்ந்ததும் இரும்பு சற்றே இடம் நகர்கிறது, அது தன்னோடு ஒரு சுருளை இழுக்கிறது, அந்த இழுவை சங்கிலிகளுக்கு இடையே பரவி முழுப் புரதமும் தளர்ந்த அமைப்புக்கு மாறிவிடுகிறது. அந்தக் குலுக்கலில் 146-ம் 94-ம் பிரிந்துவிடுகின்றன. துணை போனபிறகு ஹிஸ்டிடினால் அந்த அயனியைப் பிடித்து வைத்திருக்க முடிவதில்லை, விட்டுவிடுகிறது. இந்த ஒரே இடத்தில்தான் நடக்கிறது என்றில்லை, வேறு சில இடங்களும் பங்களிக்கின்றன, ஆனால் பெரிய பங்கு இதனுடையது. வேதியியல்காரர்கள் இதையே ‘ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் வலுவான அமிலம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

விடுபட்ட அயனி சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கும் பைகார்பனேட்டோடு சேர்கிறது, கார்பானிக் அமிலம் உண்டாகிறது, அது உடனே உடைந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாகிறது. இந்த ‘உடனே’ என்ற சொல்லுக்குப் பின்னால் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகிக்குள் இருப்பது முக்கால் நொடி மட்டுமே. நொதியின் உதவி இல்லாமல் இந்த வினை தன் போக்கில் நடந்தால் பல நொடிகள் பிடிக்கும், அதற்குள் இரத்தம் நுரையீரலைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். நொதி இருப்பதால் நேரம் ஒரு பிரச்சினையாகவே இல்லை.

உள்ளே பைகார்பனேட் தீரத் தீர, பிளாஸ்மாவில் இருப்பது சிவப்பணுவின் சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதம் வழியாக உள்ளே வருகிறது, பதிலுக்கு ஒரு குளோரைடு அயனி வெளியே போகிறது. திசுக்களில் இதே கதவு வழியாக எதிர்த்திசையில் போக்குவரத்து நடந்திருக்கும், பைகார்பனேட் வெளியே, குளோரைடு உள்ளே. தேர்வுக்குப் படிக்கிற மாணவர்கள் குளோரைடு இடமாற்றத்தைத் தனித் தலைப்பாக மனப்பாடம் செய்வார்கள், உண்மையில் அது இந்தக் கதையின் கணக்குவழக்கு மட்டும்தான், மின்னூட்டம் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக நடப்பது.

கார்பமினோவாக ஒட்டிக்கொண்டு வந்த பங்கு என்னவாயிற்று? அதற்கும் அதே புரத மாற்றம்தான் காரணம். இறுக்கமான அமைப்பில் சங்கிலிகளின் நுனி கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது, தளர்ந்த அமைப்பில் அந்த வசதி குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறியதும் அதில் ஒரு பகுதி கழன்றுகொள்கிறது. மொத்த இருப்பில் கார்பமினோவின் பங்கு சிறியது, ஆனால் நுரையீரலில் கைமாறுகிற அந்த நான்கு மில்லியில் அதன் பங்கு அதைவிடப் பெரியது, ஏனென்றால் ஆக்சிஜன் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அது உடனுக்குடன் மாறுகிறது. பைகார்பனேட்டின் பெரும்பகுதி எப்போதும் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும் இருப்புத்தொகை.

இப்போது திசுக்களில் நடப்பதைத் திருப்பிப் பாருங்கள். தசைக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு நிறைய. அது சிவப்பணுவுக்குள் நுழைந்து அயனிகளை உண்டாக்குகிறது, அவை ஹீமோகுளோபினில் ஏறி அதை இறுக்கமான அமைப்புக்குத் தள்ளுகின்றன, அந்த அமைப்பில் ஆக்சிஜன் மேலுள்ள பிடி தளர்கிறது, ஆக்சிஜன் தசைக்குப் போய்விடுகிறது. கிறிஸ்டியன் போர் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் போர் விளைவு இதுதான். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறி அயனியைத் தள்ளுகிறது, திசுவில் அயனி ஏறி ஆக்சிஜனைத் தள்ளுகிறது. பாடத்தில் இவை இரண்டும் இரண்டு பெயர்களில், இரண்டு வரைபடங்களாக, பல நேரம் இரண்டு வேறு அத்தியாயங்களில் வருவதால் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை. ஒரே புரதத்தில் இரண்டு சரக்குகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகின்றன, எந்தச் சரக்கு அந்த இடத்தில் மலிந்து கிடக்கிறதோ அது ஜெயிக்கிறது, அவ்வளவுதான். ஒன்று உண்மையாக இருந்தால் இன்னொன்று உண்மையாக இருந்தே தீர வேண்டும்.

இருந்தாலும் வரலாற்றில் பத்து வருட இடைவெளியில்தான் இரண்டும் பதிவாயின. 1904-இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர், கார்ல் ஹாசல்பால்க், ஆகஸ்ட் குரோக் மூவரும் கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை விரட்டுவதைக் காட்டினார்கள். 1914-இல் யோஹான்னே கிறிஸ்டியன்சன், டக்ளஸ், ஜான் ஸ்காட் ஹால்டேன் மூவரும் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்கள். சோதனை எளிமையானது. இரத்தத்தைக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றோடு உடல் வெப்பத்தில் குலுக்கி, எவ்வளவு ஏறிக்கொண்டது என்று அளப்பது. அப்புறம் அதே அழுத்தத்தில், ஆனால் ஆக்சிஜனே இல்லாத கலவையோடு குலுக்கி மறுபடி அளப்பது. ஆக்சிஜன் இல்லாத இரத்தம் ஒவ்வொரு அழுத்தத்திலும் கூடுதலாக ஏற்றிக்கொண்டது. கட்டுரையில் முதல் பெயர் கிறிஸ்டியன்சனுடையது, விளைவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் கடைசியாக இருந்த ஹால்டேனுடையது. மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

இந்தப் பிழிதல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மேலே போட்ட கணக்கையே நீட்டலாம். 5 மி.மீ. இறக்கத்துக்கு 2 மில்லி என்றால், 4 மில்லி வெளியேற 10 மி.மீ. இறக்கம் வேண்டும். அப்போது தமனியில் 40 இருக்க, சிரையில் 45-க்குப் பதில் 50 இருக்க வேண்டியிருக்கும். திசுக்கள் கொஞ்சம் கூடுதல் கார்பன் டை ஆக்சைடில், கொஞ்சம் கூடுதல் அமிலத்தன்மையில் வாழும். மோசம்தான், ஆனால் உயிர் போகிற விஷயமில்லை. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் உண்டு: உயரழுத்த அறை. மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் ஒவ்வொரு 100 மில்லி இரத்தத்திலும் ஏறக்குறைய 6 மில்லி ஆக்சிஜன் வெறுமனே கரைந்தே வருகிறது. ஓய்வில் உள்ள திசுக்களுக்கு அதுவே போதும். ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டிய தேவையே ஏற்படாமல், சிரையிலும் நிரம்பியபடியே திரும்புகிறது. ஆக்சிஜன் இறங்கவில்லை என்றால் அயனியை ஏற்றிக்கொள்ள இடமும் வராது, அதாவது ஹால்டேன் விளைவு கிட்டத்தட்ட அணைந்துவிடுகிறது. அப்போது சிரையில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறத்தான் செய்கிறது, ஆனால் சில மி.மீ. மட்டுமே.

அதனால் நல்ல நுரையீரல் உள்ளவருக்கு இதெல்லாம் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிற காரியம். கூடுதலாகப் பிழிந்து வந்ததை நாலு மூச்சு சேர்த்து விட்டு வெளியேற்றிவிடுவார். நுரையீரல் கெட்டுப்போனவரிடம்தான் இந்த விளைவு பிரச்சினையாக வெளியே தெரிகிறது.

பல வருடம் பீடி, சிகரெட், இல்லை விறகடுப்புப் புகை என்று சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்துவிட்ட ஒருவர் மூச்சுத்திணறலோடு அவசரப்பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் நிரம்பல் 75 சதவீதம் என்று காட்டுகிறது. பதறிப்போய் முழு வேகத்தில் மாஸ்க் மாட்டுகிறார்கள், எண் மளமளவென்று 98-க்கு ஏறுகிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள். அரை மணி நேரத்தில் அவர் தூக்கக் கலக்கத்தில் போகிறார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். கை சூடாக இருக்கிறது, நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிக்கிறது. தமனி இரத்தம் எடுத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு எகிறியிருக்கிறது. ஆக்சிமீட்டர் இன்னும் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதற்குக் கார்பன் டை ஆக்சைடைப் பற்றி எதுவும் தெரியாது.

இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம், இப்போதும் வார்டுகளில் காதில் விழுகிற விளக்கம்: ‘இவங்களுக்கு ஆக்சிஜன் குறைவுதான் மூச்சு விடவே தூண்டுகோல், அதைக் கொடுத்துவிட்டால் மூச்சு நின்றுவிடும்’. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1980-இல் ஓபியே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் சி.ஓ.பி.டி. முற்றிய 22 பேருக்குக் கால் மணி நேரம் தூய ஆக்சிஜன் கொடுத்து அளந்தபோது வேறு படம் கிடைத்தது. தமனியில் கார்பன் டை ஆக்சைடு சராசரியாக 65-லிருந்து 88-க்கு ஏறியது, 23 மி.மீ. கூடுதல். ஆனால் அவர்கள் நிமிடத்துக்கு விட்ட மூச்சின் அளவு கடைசியில் 7 சதவீதம்தான் குறைந்திருந்தது. அந்த 23-ஐ அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மூச்சு குறைந்ததால் வந்தது 5 மட்டுமே. ஹால்டேன் விளைவால் வந்தது ஏறக்குறைய 7. மிச்சம் 11, நுரையீரலுக்குள் இரத்த ஓட்டம் தவறான இடங்களுக்குத் திரும்பியதால் வந்தது, அதாவது ஆக்சிஜன் குறைவால் சுருங்கி மூடியிருந்த குழாய்கள் ஆக்சிஜன் பட்டதும் திறந்துகொண்டு, காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு இரத்தத்தை அனுப்பியதால்.

அந்த 7 எப்படி வருகிறது என்பது இதுவரை சொன்னதை வைத்தே விளங்கும். 75 சதவீத நிரம்பலில் இருந்த ஹீமோகுளோபின், ஆக்சிஜனுக்கான மீதி இடங்கள் காலியாக இருந்ததால், நிறைய அயனிகளையும் கார்பமினோவையும் சுமந்துகொண்டிருந்தது. திடீரென்று ஆக்சிஜன் அந்தக் காலி இடங்களையெல்லாம் நிரப்பியதும் சுமை மொத்தமாக இறங்கி, பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாக மாறி, அழுத்தம் ஏறுகிறது. நல்ல நுரையீரலாக இருந்தால் அது காற்றுப்பைக்குள் போய் வெளியேறியிருக்கும். இவருக்கு மூச்சைக் கூட்டவும் முடியவில்லை, இரத்தம் போகிற இடத்தில் காற்றும் இல்லை. பிழிந்த நீர் ஓடிப்போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஹால்டேன் விளைவின் அளவு எத்தனை காலி இடங்கள் நிரம்பின என்பதைப் பொறுத்தது. 75-லிருந்து 98-க்குப் போனால் நிறைய. 90-லிருந்து 92-க்குப் போனால் சொற்பம். ஒருமுறை 98-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு ஆக்சிஜன் ஊற்றினாலும் ஹால்டேன் விளைவு கூடாது, பிழிவதற்கு எதுவும் மிச்சமில்லை. இரத்தசோகை உள்ளவருக்கு ஹீமோகுளோபினே குறைவு என்பதால் விளைவும் குறைவு. சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நிரம்பலை 88-லிருந்து 92-க்குள் வைக்கச் சொல்வதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அர்த்தம் புரியும்: திசுக்களுக்குத் தேவையான ஆக்சிஜன் அதிலேயே கிடைத்துவிடுகிறது, மேலே உள்ள எண்களுக்குத் தள்ளினால் கிடைக்கும் லாபம் அற்பம், கொடுக்கும் விலைதான் கூடுகிறது. 2010-இல் வெளியான தாஸ்மேனியா ஆய்வில் ஆம்புலன்ஸிலேயே இப்படி அளந்து ஆக்சிஜன் கொடுத்தவர்களில் 4 சதவீதம் பேரும், வழக்கம்போல் அதிக ஓட்டத்தில் கொடுத்தவர்களில் 9 சதவீதம் பேரும் இறந்தார்கள். அந்த வித்தியாசம் முழுவதையும் ஹால்டேன் தலையில் கட்டிவிட முடியாது, ஆனால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது என்று தெரிந்ததும் மாஸ்க்கை மொத்தமாகக் கழற்றிவிடுவதும் சிலர் செய்வது. அது முதல் தவறைவிடப் பெரிய தவறு. இந்த நேரத்தில் காற்றுப்பைக்குள் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறது, அது பிடித்துக்கொண்ட இடத்தில் ஆக்சிஜனுக்கு இடம் குறைவு. சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற நேரம் பிடிக்கும், ஆக்சிஜனோ ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். விளைவாக, மாஸ்க் மாட்டுவதற்கு முன்பு இருந்த 75-க்கும் கீழே நிரம்பல் சரிந்துவிடும். அதனால் 28 அல்லது 24 சதவீத ஆக்சிஜனை அளந்து கொடுக்கும் வென்சுரி மாஸ்க்குக்கு மாற்றி, 88–92 என்ற இலக்குக்குப் படிப்படியாக இறக்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தமனி இரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள். பி.எச். 7.35-க்குக் கீழே இருந்து, கார்பன் டை ஆக்சைடும் இறங்காமல் நின்றால், முகத்தில் இறுக்கமாகப் பொருத்தும் மாஸ்க் வழியாக மூச்சுக்கு இயந்திர உதவி கொடுத்து, ஆக்சிஜன் பிழிந்துவிட்டதை வெளியேற்றும் வேலையை அந்த இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள்.